தையல் வகுப்புப் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? "வேலை உறுதி" இல்லாமல் எழுத முடியுமா?

பாபின்
வணக்கம். சின்னதாக ஒரு தையல் பள்ளி நடத்துகிறேன். அடுத்த பேட்ச் தொடங்கப் போகிறது. போன பேட்ச் மாணவி ஒருவர் தைத்த பிளவுஸ் படத்தைப் போட்டுக் கீழே நாலு வரி எழுத வேண்டும். முதலில் எழுதியது இது:

"3 மாதத்தில் தையல் நிபுணர் ஆகுங்கள்! அரசுப் பதிவு பெற்ற சான்றிதழ்! எங்கள் மாணவிகளின் அழகிய படைப்புகள்! முடித்தவுடன் 100% வேலைவாய்ப்பு!"

தங்கை பார்த்துவிட்டு, வேலை வாங்கித் தருவதாக நாம் எங்கே சொன்னோம், அதை எடு என்றாள். நியாயம்தான். எடுத்துவிட்டு "சுயதொழில் வருமானம் நிச்சயம்" என்று போட்டிருக்கிறேன். இப்போது சரியாக இருக்கிறதா?

நூல்கண்டு
வேலை போய் வருமானம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். "நிச்சயம்" அப்படியே உட்கார்ந்திருக்கிறதே!

கத்தரி
நூல்கண்டு சொல்வது சரி. பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், நானும் இந்த மாதிரி வரிகளை எழுதியவள்தான். வேலை கிடைப்பதும் வருமானம் வருவதும் நம் கையில் இல்லாத விஷயங்கள். மாணவி வீட்டில் இயந்திரம் வாங்குவாரா, பக்கத்தில் தைக்கக் கொடுப்பவர்கள் இருப்பார்களா, அவருக்கு நேரம் கிடைக்குமா, எதுவும் நமக்குத் தெரியாது. நம் கையில் இருப்பது வகுப்பு, தேர்வு, சான்றிதழ், படத்தில் இருக்கும் துணி. இந்த நாலைப் பற்றி மட்டும் எழுதினால் பொய் நுழைய இடமே இருக்காது.

வேலையை விடுங்கள். எனக்கு இடறுவது "3 மாதம்". தினம் எத்தனை மணி நேரம்? வாரம் எத்தனை நாள்? ஒரு பேட்சில் எத்தனை பேர், எத்தனை மிஷின்?

பாபின்
வாரம் 5 நாள், தினம் 2 மணி நேரம், 12 வாரம். 14 பேர், 7 மிஷின். வெட்டும் மேசை இரண்டு.

எழுத்தாணி
அப்படியானால் 120 மணி நேரம். "3 மாதம் (120 மணி நேரம்)" என்று போட்டுவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. நான் விளம்பரம் எழுதிப் பிழைப்பவன். எண் ஒன்று இருந்தால் நம்பிக்கை தானாக வரும்.

கத்தரி
பாதி முடிந்தது, தம்பி. மாதக் கணக்கை மணிக் கணக்காக்கியது நல்லது. தினம் ஒரு மணி நேரம் நடத்துகிறவரும் 3 மாதம் என்றுதான் எழுதுகிறார், மூன்று மணி நேரம் நடத்துகிறவரும் அதையே எழுதுகிறார். ஆனால் 14 பேருக்கு 7 மிஷின் என்றால் ஒரு மிஷினுக்கு இரண்டு பேர். பாபின், அளவெடுப்பது, தாளில் வரைவது, வெட்டுவது எல்லாம் சேர்த்து எவ்வளவு நேரம் போகும்?

பாபின்
சரியாக எண்ணிப் பார்த்ததில்லை. மூன்றில் ஒரு பங்கு இருக்கும். 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தரி
மீதி 80. அதை இரண்டு பேர் பகிர்ந்தால் ஒருவர் மிஷினில் உட்காருவது சுமார் 40 மணி நேரம். இதில் ஒன்றும் குற்றமில்லை. ஒருவர் தைக்கும்போது மற்றவர் கையால் ஹெம்மிங் போடுவார், கொக்கி தைப்பார், தப்பாகப் போன தையலைப் பிரிப்பார். பிரிப்பதும் படிப்புதான், முதல் மாதத்தில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். ஆனால் 120 மணி நேரம் என்று படிக்கிறவர் மனதில் என்ன படம் ஓடும்? 120 மணி நேரமும் தான் மிஷினை மிதிப்பதாக ஓடும். சேர்ந்த பத்தாவது நாள், "அக்கா, இன்றைக்கு என் முறை வரவே இல்லை" என்று வந்து நிற்பார்கள்.

எழுத்தாணி
இதையெல்லாம் நாலு வரியில் எழுதினால் யார் படிப்பார்கள்? போனில் முதல் இரண்டு வரிதான் தெரியும், அப்புறம் "மேலும்" என்று மடங்கிவிடும். தமிழ் எழுத்து வேறு இடத்தை நிறைய எடுக்கும்.

கத்தரி
அதனால்தான் முதல் வரியில் "நிபுணர் ஆகுங்கள்" வேண்டாம் என்கிறேன். அந்த இடத்தில் காலத்தைப் போடட்டும். மடங்கினாலும் உண்மை வெளியே நிற்கும்.

மதியம்2
எல்லோருக்கும் வணக்கம். நான் புதிது. சான்றிதழில் என்ன எழுதுவது என்று பேசுகிறீர்களா? என் மகள் முடித்த வகுப்பின் சான்றிதழில் பெயரே தப்பாக அச்சாகியிருக்கிறது, திருத்திக் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

நூல்கண்டு
அம்மா, இங்கே பேசுவது விளம்பரப் படத்துக்குக் கீழே எழுதும் வரிகளைப் பற்றி. உங்கள் விஷயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இப்போதைக்கு, சேர்ந்தபோது கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் பெயர் சரியாக இருக்கும் ஒரு அடையாள அட்டையையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

மதியம்2
நன்றி. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அவர்கள் விளம்பரத்தில் "சான்றிதழ் உண்டு" என்று போட்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தால் "கலந்துகொண்டார்" என்று இருக்கிறது. தேர்வெல்லாம் எழுதினாள். அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கத்தரி
இழை மாறி வந்தாலும் நல்லதைக் கொண்டுவந்தீர்கள். "கலந்துகொண்டார்" என்றால் வந்து உட்கார்ந்தார். "நிறைவு செய்தார்" என்றால் வகுப்பை முடித்தார். "தேர்ச்சி பெற்றார்" என்றால் ஒருவர் சோதித்துப் பார்த்துச் சரி என்றார். விளம்பரத்தில் வெறும் "சான்றிதழ்" என்று எழுதினால் படிக்கிறவர் மூன்றில் பெரியதைத்தான் எடுத்துக்கொள்வார்.

பாபின், உங்கள் "அரசுப் பதிவு" என்ன கதை?

பாபின்
பள்ளியை முறையாகப் பதிவு செய்திருக்கிறோம். பதிவு எண் இருக்கிறது. சான்றிதழிலும் அந்த எண்ணை அச்சடிக்கிறோம்.

எழுத்தாணி
பதிவு எண் உண்மை என்றால் "அரசுப் பதிவு பெற்ற" என்று தாராளமாகப் போடலாம். பொய் இல்லையே.

கத்தரி
பதிவு உண்மை. அது எதற்கான பதிவு என்பதில்தான் சிக்கல். பதிவானது உங்கள் நிறுவனம், அதாவது இப்படி ஒரு பள்ளி நடக்கிறது என்பது. பாடத்திட்டத்தை யாரும் பார்த்துச் சரி சொல்லவில்லை, தேர்வை வெளியிலிருந்து யாரும் வந்து நடத்தவில்லை. "அரசுப் பதிவு பெற்ற சான்றிதழ்" என்று சேர்த்து எழுதும்போது பள்ளியின் பதிவு சான்றிதழின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. தனித்தனியே உண்மையான இரண்டு சொற்களைச் சேர்த்தால் ஒரு பொய் வந்துவிடும்.

ஐஎஸ்ஓ முத்திரையும் இதே கதைதான். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் வேலைகளை ஒழுங்காக நிர்வகிக்கிறதா என்பதற்கான தரநிலை. அந்தச் சான்றைக்கூட ஐஎஸ்ஓ தருவதில்லை, வேறு நிறுவனங்கள் வந்து தணிக்கை செய்து தருகின்றன. மாணவிக்குக் கை மூட்டத் தெரியுமா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. "ஐஎஸ்ஓ சான்றிதழ் வழங்கப்படும்" என்று படத்துக்குக் கீழே எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பாபின்
எங்களிடம் அது இல்லை. நல்லவேளை, வாங்கலாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சான்றிதழைப் பற்றி என்னதான் எழுதுவது?

கத்தரி
யார் தருகிறார்கள், எதைச் செய்தால் கிடைக்கும், இரண்டும் போதும். உங்கள் தேர்வு எப்படி?

பாபின்
ஒரு அளவைக் கொடுப்போம். தாளில் வரைந்து, வெட்டி, லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றைத் தைத்துக் காட்ட வேண்டும். 6 மணி நேரம், மூன்று நாளாகப் பிரித்து. வருகை 100 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. போன முறை 14 பேரில் 11 பேர் முடித்தார்கள். இரண்டு பேர் நடுவில் நின்றுவிட்டார்கள், ஒருவருக்குக் கைக்குழி சரியாக வரவில்லை, அடுத்த மாதம் மறுபடி வந்து தைத்துக் கொடுத்தார்.

கத்தரி
இதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? "நிபுணர்" என்ற சொல்லைவிட இந்த ஆறு மணி நேரத் தேர்வு எவ்வளவு பெரிய விஷயம்!

ஓவர்லாக்
நடுவில் வருகிறேன். தையல் யூனிட்டில் ஆள் எடுக்கும் பக்கம் இருக்கிறேன். என் அனுபவத்தில் இந்தச் சான்றிதழை நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒரு துண்டுத் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொல்வோம். கால்மிஷினிலோ வீட்டு மிஷினிலோ பழகி வருகிறவர்கள் எங்கள் மிஷினில் உட்கார்ந்ததும் அது ஓடிவிடும், துணி கையை விட்டுப் போய்விடும். வீட்டு மிஷின் நிமிடத்துக்கு ஆயிரம் தையலை ஒட்டி ஓடினால், எங்களுடையது நாலாயிரத்தைத் தாண்டும். அங்கே முழு பிளவுஸ் தைக்கத் தெரிவதைவிட ஒரே தையலை நாள் முழுக்க ஒரே மாதிரி போடுவதுதான் கேட்கப்படும். வந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் மறுபடி பழக வேண்டும்.

அதனால் எந்த மிஷினில் சொல்லித்தருகிறீர்கள் என்று ஒரு சொல் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்கும் உதவும், சேருகிறவருக்கும் உதவும்.

பாபின்
எங்களிடம் எல்லாம் கால்மிஷின். இரண்டில் மட்டும் மோட்டார் மாட்டியிருக்கிறது. "100% வேலைவாய்ப்பு" என்று நான் எழுதியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நூல்கண்டு
சரி, மிச்சம் இருப்பது படம். போடுங்கள், பார்ப்போம்.

பாபின்
[படம்: மெரூன் நிற பிளவுஸ், பின்பக்கம், கழுத்தைச் சுற்றி எம்பிராய்டரி, தங்க நிறப் பைப்பிங், கொக்கியில் தொங்குகிறது]

கத்தரி
அழகாக இருக்கிறது. கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கழுத்துப் பைப்பிங் 3 மாத மாணவி போட்டதா? வளைவு முழுக்க ஒரே தடிமனாக ஓடுகிறது, எங்கும் முறுக்கவில்லை. 3 மாதத்தில் இப்படிப் போடுகிறவரை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாபின்
மாட்டிக்கொண்டேன். கழுத்து நான் முடித்துக் கொடுத்தது. எம்பிராய்டரி வெளியே கொடுத்துப் போட்டு வந்த துணி. வெட்டியதும், டார்ட் பிடித்ததும், கை மூட்டியதும், பக்கம் சேர்த்ததும் மாணவிதான்.

எழுத்தாணி
யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? எல்லாப் பள்ளியிலும் டீச்சர் கை படாமலா படம் போடுகிறார்கள்?

கத்தரி
சேர்ந்தவர் கண்டுபிடிப்பார், தம்பி. பன்னிரண்டாவது வாரம் தன் கழுத்தைப் பார்ப்பார், அந்தப் படத்தைப் பார்ப்பார். இந்தப் படத்தில் ஒருவர் கண் முதலில் போவது எம்பிராய்டரிக்கும் பைப்பிங்குக்கும்தான். மாணவி செய்யாதவை அந்த இரண்டும். அவர் செய்த வேலையெல்லாம் முன்பக்கத்திலும் உள்ளேயும் இருக்கிறது, படத்தில் இல்லவே இல்லை.

என்னைக் கேட்டால் இந்தத் துணியே வேண்டாம். எம்பிராய்டரி இல்லாத ஒரு சாதா பருத்தி பிளவுஸ், தேர்வில் தைத்தது இருந்தால் அதை எடுங்கள். இரண்டு படம் போடுங்கள். ஒன்று முன்பக்கம், டார்ட் இரண்டும் ஒரே உயரத்தில் முடிகிறதா என்று தெரியும்படி. இன்னொன்று உள்பக்கம், அக்குள் அருகே. கை மூட்டிய தையலும் பக்கத் தையலும் அங்கே சந்திக்கும். கை தனியாக, உடல் தனியாகப் பக்கம் சேர்த்துப் பிறகு மூட்டியிருந்தாலும் சரி, கையை மூட்டிவிட்டு ஒரே ஓட்டமாகச் சேர்த்திருந்தாலும் சரி, கையின் தையலும் உடலின் தையலும் அந்த இடத்தில் ஒன்றுக்கு நேர் ஒன்று நிற்க வேண்டும். கூட்டல் குறி மாதிரி இருந்தால் அளவும் வெட்டும் சரி. ஒரு நூல் இரண்டு நூல் விலகியிருந்தால் மன்னிக்கலாம். அரை விரல் விலகினால் கைக்குழியின் அளவும் கையின் அளவும் ஒத்துப்போகவில்லை, இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார் என்று அர்த்தம். தையல் தெரிந்தவர் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார், தெரியாதவருக்கும் உள்பக்கத்தைக் காட்டுகிறார்களே என்று ஒரு மரியாதை வரும்.

ஓவர்லாக்
இதை ஆமோதிக்கிறேன். நாங்களும் முதலில் துணியைத் திருப்பித்தான் பார்ப்போம்.

பாபின்
தேர்வுத் துணி இருக்கிறது. ஆகாய நீலப் பருத்தி. ஆனால் இடது கை உச்சியில் லேசாகச் சுருக்கம் விழுந்திருக்கிறது. அதையா போடுவது?

கத்தரி
லேசான சுருக்கம்தானே, போடுங்கள். இஸ்திரி போட்டு எடுங்கள், அதில் தப்பில்லை. தைத்ததைத் திருத்தி எடுக்காதீர்கள். மாணவியிடம் கேட்டீர்களா? துணி அவருடையது, வேலையும் அவருடையது. பெயர் போடுவதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பாபின்
இப்போதுதான் போன் செய்தேன். படம் போடலாம், பெயர் வேண்டாம் என்றார். இரண்டாவது முயற்சி இதோ:

"அடிப்படைத் தையல் வகுப்பு: 12 வாரம், வாரம் 5 நாள், தினம் 2 மணி நேரம். மொத்தம் 120 மணி நேரம், அதில் ஒருவருக்கு மிஷினில் சுமார் 40. கால்மிஷினில் பயிற்சி. படத்தில் இருப்பது போன பேட்ச் மாணவி ஒருவர் தேர்வில் தானே வரைந்து, வெட்டி, தைத்த லைனிங் பிளவுஸ். 100 மணி நேர வருகையும் தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் எங்கள் பள்ளியின் சான்றிதழ். நீங்களும் இப்படித் தைப்பீர்கள்!"

நூல்கண்டு
கடைசி வரி பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது பாருங்கள்.

கத்தரி
ஹா ஹா. ஆமாம். 14 பேரில் ஒருவருக்குக் கைக்குழி வரவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். "தைப்பீர்கள்" என்பது வாக்கு. "இதைத் தைக்கச் சொல்லித்தருகிறோம்" என்றால் உங்கள் பக்கத்து வேலையைச் சொன்னதாக ஆகும். இன்னொன்று, "எங்கள் பள்ளியின் சான்றிதழ்" என்பதோடு "பள்ளி நடத்தும் தேர்வு" என்றும் சேருங்கள். வெளித் தேர்வு என்று யாரும் நினைக்கக் கூடாது.

எழுத்தாணி
எல்லாம் சரி, இப்போது இது ரேஷன் அட்டை மாதிரி இருக்கிறது. யாருக்குச் சேரத் தோன்றும்? அந்த 40 மணி நேரத்தையாவது எடுங்கள். பக்கத்துப் பள்ளி 120 என்று மட்டும் போடுவான், நீங்கள் 40 என்று போட்டுத் தோற்பீர்கள்.

கத்தரி
இதில் எழுத்தாணி சொல்வதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். நான் என் பள்ளிக்கு அந்த எண்ணைப் போடுவதில்லை, "மிஷின் ஒன்றுக்கு இருவர்" என்று போடுகிறேன். உண்மை அதுவேதான், ஆனால் கணக்கைப் படிப்பவரே போட்டுக்கொள்வார். குறைத்துக் காட்டியது போலவும் இருக்காது, மறைத்தது போலவும் இருக்காது.

ஓவர்லாக்
எனக்கு 40 தான் பிடித்திருக்கிறது. ஆனால் நான் சேரப் போகிறவன் இல்லையே.

பாபின்
"மிஷின் ஒன்றுக்கு இருவர்" வைத்துக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகம். "வேலைக்கு உத்தரவாதம் இல்லை" என்று வெளிப்படையாக எழுத வேண்டுமா, இல்லை வேலையைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடலாமா?

எழுத்தாணி
தயவுசெய்து எழுதாதீர்கள். சோற்றுக் கடையில் "வயிறு நிறையும் என்று உறுதியில்லை" என்று பலகை மாட்டுவது போல இருக்கும்.

நூல்கண்டு
எழுதாவிட்டால் எல்லோரும் போனில் அதைத்தான் கேட்பார்கள். நீங்கள் முப்பது பேருக்கு வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும்போது ஏதாவது ஒரு நாள் "பார்க்கலாம், நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்" என்று வழுக்கும்.

கத்தரி
நான் எழுதுகிற கட்சி. ஆனால் தனி வரியாக மிரட்டலாக இல்லாமல், சான்றிதழ் வரியோடு ஒட்டி: "வேலை ஏற்பாடு இந்த வகுப்பில் சேராது" என்று. வகுப்பில் எது உண்டு, எது இல்லை என்று சொல்வது போல இயல்பாக உட்காரும். மற்றவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

மதியம்2
நான் மறுபடி வந்தேன், மன்னிக்கவும். என் மகள் சேரும்போது இப்படி ஒரு வரி இருந்திருந்தால் சேர்த்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறீர்களா? சேர்த்திருப்பேன். அவளுக்குத் தைக்கக் கற்க ஆசை. வேலை என்று போட்டதால்தான் முடித்தபின் ஆறு மாதம் அவர்கள் போனுக்காகக் காத்திருந்தோம்.

எழுத்தாணி
சரிம்மா. இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். விளம்பரமாக இது இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

பாபின்
போடப் போவது இதுதான்:

"அடிப்படைத் தையல் வகுப்பு, 12 வாரம், 120 மணி நேரம் (வாரம் 5 நாள், தினம் 2 மணி நேரம்).
கால்மிஷினில் பயிற்சி, மிஷின் ஒன்றுக்கு இருவர்.
படத்தில்: போன பேட்ச் மாணவி ஒருவர் 12வது வாரத் தேர்வில் தானே வரைந்து, வெட்டி, தைத்த லைனிங் பிளவுஸ். முன்பக்கமும் உள்பக்கமும்.
100 மணி நேர வருகையும், பள்ளி நடத்தும் 6 மணி நேரத் தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் பள்ளியின் தேர்ச்சிச் சான்றிதழ். வேலை ஏற்பாடு இந்த வகுப்பில் சேராது.
வந்து ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டுச் சேரலாம்."

கடைசி வரி நானாகச் சேர்த்தது. வாக்குறுதி இல்லையே?

கத்தரி
வாக்குறுதிதான், ஆனால் உங்களால் காப்பாற்ற முடிந்தது. ஒன்று மட்டும்: நடுவில் விடுமுறை வந்து 120 குறைந்தால் ஈடு வகுப்பு வைப்பீர்களா?

பாபின்
இதுவரை வைத்ததில்லை. போன பேட்சில் உண்மையில் எத்தனை மணி நேரம் நடந்தது என்று வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அந்த எண்ணை மாற்றிப் போடுகிறேன்.